தீபாவளி மாசத்துக்கு சீசன் எண்: மூணு வருஷ சராசரி போட்டேன், ஆர்டர் குடுக்கலாமா?

திருப்பாதிரிப்புலியூர் ரெடிமேட் | 14-06-2026, இரவு 10.40

கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ல சின்ன ரெடிமேட் கடை, பசங்க டிரெஸ், நைட்டி, சட்டை, கொஞ்சம் சேலை. இந்த வருஷம் தீபாவளிக்கு குத்துமதிப்பா ஆர்டர் போடாம கணக்கு பாத்து போடலாம்னு உக்காந்தேன். மூணு வருஷ மாச விற்பனை பில் மெஷின்ல இருக்கு. ஒவ்வொரு மாச விற்பனையையும் அந்த வருஷத்து மாச சராசரியால வகுத்து, மூணு வருஷத்துக்கும் வந்ததை சராசரி எடுத்தேன். அக்டோபருக்கு 2.06, நவம்பருக்கு 1.07 வந்துது. அதாவது சாதா மாசத்தை விட அக்டோபர்ல ரெண்டு மடங்கு, நவம்பர்ல சாதா மாசம் மாதிரியே.

இந்த வருஷம் ஜனவரியிலருந்து மே வரைக்கும் 23.1 லட்சம், போன வருஷம் இதே அஞ்சு மாசம் 21.7. கிட்டத்தட்ட ஆறரை பெர்சன்ட் ஏறியிருக்கு. போன வருஷ சராசரி மாசத்துக்கு 4.7 லட்சம், அதோட சேத்தா இந்த வருஷம் 5 லட்சம்னு வச்சிக்கலாம். அப்போ அக்டோபர் 10.3, நவம்பர் 5.35. இத வச்சு திருப்பூருக்கும் சூரத்துக்கும் ஆர்டர் குடுக்கலாமா? யாராவது பாத்து சொல்லுங்க.

வில்லியனூர் பேக்கரி | 15-06-2026, காலை 7.15

தம்பி, எங்க பேக்கரில கிறிஸ்துமஸ், நியூ இயருக்கு கேக் கிலோவுக்கு விலை ஏத்துவோம், ஜனங்க வாங்கிட்டுதான் போறாங்க. நீங்களும் சீசன்ல பத்து பர்சன்ட் ஏத்தலாம், ஆனா பக்கத்து கடைய பாத்துக்கிட்டு ஏத்துங்க. ஆடித் தள்ளுபடி போட்டா மட்டும் அப்புறம் ஏத்த முடியாது.

திருப்பாதிரிப்புலியூர் ரெடிமேட் | 15-06-2026, காலை 9.05

அக்கா, விலைய பத்தி கேக்கல, எந்த மாசத்துக்கு எவ்வளவு சரக்கு எடுக்கறது, அதுக்கு காசு எப்ப தேவைப்படும்னுதான் கேக்கறேன்.

வில்லியனூர் பேக்கரி | 15-06-2026, காலை 9.30

அட ஆமா, சரி சரி. எங்களுக்கு கிறிஸ்துமஸ் எப்பவும் டிசம்பர் 25 தான், அதனால இந்தக் கணக்கெல்லாம் போட்டதில்ல, போன வருஷ நோட்ட பாத்து மைதா, வெண்ணெய் எடுத்துடுவேன்.

மஞ்சக்குப்பம் கணக்கு | 15-06-2026, இரவு 9.50

பேக்கரி அக்கா தெரிஞ்சோ தெரியாமலோ விஷயத்தை சொல்லிட்டாங்க. கிறிஸ்துமஸ் நகராது, தீபாவளி நகரும். தம்பி, அந்த 2.06, 1.07 ரெண்டையும் இப்போதைக்கு ஓரமா வைங்க, ஆர்டர் குடுக்காதீங்க. மூணு வருஷத்துக்கும் தனித்தனியா அக்டோபர், நவம்பர் எண் என்ன வந்துதுன்னு போடுங்க, சராசரி எடுக்கறதுக்கு முன்னாடி வந்தது. செப்டம்பரும் சேத்து.

திருப்பாதிரிப்புலியூர் ரெடிமேட் | 15-06-2026, இரவு 11.20

இதான் அக்கா. விற்பனை லட்சத்துல எழுதறேன்.

2023: செப் 3.0, அக் 5.8, நவ 7.3. வருஷ சராசரி 4.1. எண்: 0.73, 1.41, 1.78.
2024: செப் 3.5, அக் 11.2, நவ 3.1. சராசரி 4.3. எண்: 0.81, 2.60, 0.72.
2025: செப் 4.6, அக் 10.2, நவ 3.4. சராசரி 4.7. எண்: 0.98, 2.17, 0.72.

எல்லாம் ஜிஎஸ்டி போக உள்ள தொகை.

மஞ்சக்குப்பம் கணக்கு | 16-06-2026, காலை 6.30

பாத்தீங்களா, 1.41, 2.60, 2.17. ஒரே மாசத்துக்கு இவ்வளவு ஏத்த எறக்கம் இருந்தா அதோட சராசரி எந்த வருஷத்துக்கும் பொருந்தாது. 2023ல தீபாவளி நவம்பர் 12. 2024ல அக்டோபர் 31. 2025ல அக்டோபர் 20. இந்த வருஷம் நவம்பர் 8. நீங்க சராசரி எடுத்த மூணுல ரெண்டு வருஷம் அக்டோபர் தீபாவளி, அதனால உங்க எண் அக்டோபர் பக்கமே சாயுது. ஆனா வரப்போறது நவம்பர் தீபாவளி.

இப்ப இன்னொன்னு பண்ணுங்க. செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மூணையும் கூட்டி அந்த வருஷ சராசரியால வகுங்க. நானே போட்டுட்டேன்: 2023ல 16.1ஐ 4.1ஆல வகுத்தா 3.93. 2024ல 4.14. 2025ல 3.87. மூணும் பக்கத்துல பக்கத்துல இருக்கு. அதாவது உங்க கடைல தீபாவளி சீசனோட மொத்த அளவு வருஷத்துக்கு வருஷம் பெருசா மாறல, அது எந்த மாசத்துல விழுதுங்கறதுதான் மாறுது. ஒரு எண்ணு ஒழுங்கா இருக்கான்னு தெரிஞ்சிக்க இதான் வழி, வருஷம் வருஷமா பக்கத்துல பக்கத்துல வச்சு பாக்கணும். சராசரி எடுத்துட்டா இந்த சண்டை உள்ளயே மறைஞ்சிடும்.

உங்க ஜனவரிய எடுத்துக்கோங்க, எண் போட்டுப் பாருங்க, பொங்கல் நகராததால மூணு வருஷமும் ஒண்ணா நிக்கும்.

திருப்பாதிரிப்புலியூர் ரெடிமேட் | 16-06-2026, காலை 8.10

ஆமாக்கா, ஜனவரி 1.27, 1.30, 1.30. ஆகஸ்ட் கூட 1.00, 1.02, 1.00.

நெல்லிக்குப்பம் அண்ணாச்சி | 16-06-2026, மதியம் 2.00

இங்கிலீஷ் மாசத்துல கணக்கு போட்டா இப்படித்தான் இழுக்கும். நம்ம பண்டிகை எல்லாம் தமிழ் மாசத்துலதான வருது. பொங்கல் தை 1, ஆடிப்பெருக்கு ஆடி 18, தீபாவளி ஐப்பசி. பில்லை எல்லாம் தமிழ் மாசத்துல பிரிச்சு எண் போடுங்க, எல்லாம் நேராயிடும். முகூர்த்த மாசமும் அதுலதான் பிடிபடும், மார்கழி, ஆடில கல்யாணம் கெடையாது, வைகாசி, ஆவணில உண்டு. எங்க பாத்திரக் கடைல நான் அப்படித்தான் பாக்கறேன்.

மஞ்சக்குப்பம் கணக்கு | 16-06-2026, இரவு 9.15

அண்ணாச்சி, பாதிக்கு ரொம்ப சரி. பாத்திரத்துக்கு கல்யாண சீர்வரிசைதான் பெரிய வியாபாரம், அதுக்கு தமிழ் மாசம் நல்லா பொருந்தும். ஆடி, தை, மார்கழி மூணுக்கும் பொருந்தும். ஆனா தீபாவளிக்கு பொருந்தாது, ஏன்னா அது சூரிய மாசத்துல ஒரு தேதிக்கு கட்டுப்பட்டதில்ல, தேய்பிறை சதுர்த்தசிக்கு வர்றது. 2025ல தீபாவளி ஐப்பசி 3. துணி வாங்கினவங்க எல்லாம் புரட்டாசிலயே வாங்கிட்டாங்க, ஐப்பசில தம்பி கடைல மிச்சம் ரெண்டே நாள் வியாபாரம். 2023ல ஐப்பசி 26, பெரும்பாலான வியாபாரம் ஐப்பசில. இங்கிலீஷ் மாசத்துல இருந்த அதே பிரச்சனைதான் அங்கயும் வந்து நிக்கும்.

நெல்லிக்குப்பம் அண்ணாச்சி | 16-06-2026, இரவு 9.40

ஐப்பசி 3ஆ? பஞ்சாங்கத்தை எடுத்துப் பாத்தேன், சரிதாம்மா. நான் பாத்திரத்துக்கு தீபாவளிய பெருசா பாக்கறதில்ல, அதான் கண்ணுல படல.

முதுநகர் மீன் | 17-06-2026, அதிகாலை 4.50

அண்ணாச்சி சொன்னது எனக்கு உதவும் போல. நான் முதுநகர்ல மீன் மொத்தமா எடுத்து நாலஞ்சு ஓட்டலுக்கும் கடைக்கும் குடுக்கறவன். ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், அது தேதியில கட்டுப்பட்டது, மாச கணக்குலயே தெரிஞ்சிடும். ஆனா புரட்டாசி, செப்டம்பர் பாதி, அக்டோபர் பாதின்னு ரெண்டு மாசத்துலயும் உடைஞ்சு கெடக்கு, அதனால எந்த மாசத்த பாத்தாலும் ரொம்ப விழுந்த மாதிரி தெரியல. வேலை ஆளுக்கும் ஐஸுக்கும் முன்பணம் எவ்வளவு குறைக்கறதுன்னு புரியாம இருந்துது. தமிழ் மாசத்துல போட்டா பளிச்சுனு தெரியும் இல்லையா?

மஞ்சக்குப்பம் கணக்கு | 17-06-2026, காலை 6.20

தெரியும். உங்களுக்கு புரட்டாசிதான் சீசனே, அதனால புரட்டாசி 1லருந்து கடைசி வரைக்கும் ஒரே கட்டா எடுங்க. எந்த வியாபாரத்துக்கு எது நகருதோ அத வச்சுதான் கட்டம் போடணும், எல்லாருக்கும் ஒரே காலண்டர்னு ஒண்ணு கெடையாது. ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க, தடைக்காலத்துல எடை கம்மி ஆனா விலை ஏறிடும். ரூபாய்ல எண் போட்டா விழுந்தது பாதிதான் தெரியும். ஐஸ், கூலி எல்லாம் கிலோவுக்கு ஏத்த மாதிரி ஆகுற செலவு, அதனால கிலோவுல ஒரு எண், ரூபாய்ல ஒரு எண் ரெண்டும் போடுங்க.

மஞ்சக்குப்பம் கணக்கு | 17-06-2026, இரவு 10.30

தம்பிக்கு. உங்க பில் மெஷின்ல நாள்வாரி விற்பனை இருக்கும். தீபாவளியிலருந்து பின்னாடி எண்ணுங்க. தீபாவளிக்கு முந்தின நாள்ல முடியற ஏழு நாள் கடைசி வாரம், அதுக்கு முன்னாடி ஏழு நாள் ரெண்டாவது வாரம், இப்படி ஆறு வாரம். மூணு வருஷத்துக்கும் எடுங்க. ஆறு வார மொத்தத்தை வருஷ சராசரியால வகுங்க, அப்புறம் ஒவ்வொரு வாரமும் அந்த மொத்தத்துல எத்தனை பர்சன்ட்னு போடுங்க. தேதியே வேண்டாம், தீபாவளிக்கு எத்தனை வாரம் முன்னாடிங்கறதுதான் தேதி.

திருப்பாதிரிப்புலியூர் ரெடிமேட் | 21-06-2026, இரவு 11.55

கடை சாத்தினப்புறம் உக்காந்து ஒவ்வொரு நாளா எடுத்தேன். 2023ல ஆறு வாரம் 11.8 லட்சம், அது சராசரிய போல 2.88 மடங்கு. 2024ல 12.6, அது 2.93. 2025ல 12.7, அது 2.70. சராசரி 2.84. அக்டோபர் மட்டும் 1.41லருந்து 2.60 வரைக்கும் ஆடினதுக்கு இது எவ்வளவோ தேவலாம், ரொம்ப சந்தோஷமா இருக்கு.

வாரப் பங்கு மூணு வருஷத்துக்கும் ரெண்டு மூணு பர்சன்ட் முன்ன பின்னதான் இருக்கு. முதல் வாரத்துலருந்து சொல்றேன்: 6, 8, 11, 16, 25, கடைசி வாரம் 34.

இந்த வருஷத்துக்கு 5 லட்சத்தை 2.84ஆல பெருக்கினா 14.2 லட்சம். தீபாவளி நவம்பர் 8ங்கறதால செப்டம்பர் 27ல ஆரம்பிச்சு நவம்பர் 7ல முடியுது. கடைசி வாரம் சரியா நவம்பர் 1லருந்து 7 வரைக்கும், அதுல மட்டும் 4.8 லட்சம் வரணும்! என்னோட பழைய கணக்குல நவம்பர் மாசம் முழுக்கவே 5.35தான் போட்டிருந்தேன். போன வருஷத்த அப்படியே பாத்து போட்டிருந்தா இன்னும் மோசம், நவம்பருக்கு 3.6தான் வந்திருக்கும்.

நெல்லிக்குப்பம் அண்ணாச்சி | 22-06-2026, காலை 10.10

தீபாவளி நகருது, கடை வாடகை மட்டும் ஒண்ணாந்தேதிய விட்டு நகரவே மாட்டேங்குது.

பண்ருட்டி எக்ஸெல் | 22-06-2026, மாலை 5.45

வருஷ சராசரியால வகுக்கறது தப்பு. வியாபாரம் ஏறிக்கிட்டு இருந்தா வருஷக் கடைசி மாசமெல்லாம் தானா பெருசா தெரியும், ஜனவரி சின்னதா தெரியும். நகரும் சராசரி எடுக்கணும், பன்னண்டு மாசத்த நடுவுல வச்சு. 2023 ஜனவரி ரெண்டாவது வரில இருந்தா ஜூலைக்கு இப்படி போட்டு கீழ இழுத்துடுங்க:

```
=C8/((AVERAGE(C2:C13)+AVERAGE(C3:C14))/2)
```

இதான் சரியான முறை, இத போட்டா தீபாவளி பிரச்சனையும் தீந்துடும்.

மஞ்சக்குப்பம் கணக்கு | 22-06-2026, இரவு 9.20

ஃபார்முலா சரி. ஏறுமுகத்த கழிக்க அதான் நல்ல வழி. ஆனா தீபாவளி பிரச்சனை அதுல தீராது, ஏன்னா நீங்க மாத்தினது கீழ இருக்கற சராசரிய, மேல இருக்கற அக்டோபர் விற்பனை அப்படியேதான இருக்கு.

இன்னொன்னு, இந்த முறைல முதல் ஆறு மாசத்துக்கும் கடைசி ஆறு மாசத்துக்கும் எண் வராது. மூணு வருஷ கணக்கு வச்சிருக்கறவருக்கு 2023 ஜனவரி முதல் ஜூன் வரை போயிடும். நல்லவேளை இந்த வருஷம் மே வரைக்கும் விற்பனை இருக்கு, அதனால 2025 நவம்பர் வரைக்கும் வந்துடும். தம்பி கடை வருஷத்துக்கு அஞ்சுலருந்து பத்து பர்சன்ட் ஏறுது, அந்த வேகத்துக்கு ரெண்டு முறைக்கும் ஒரு மாசத்து எண்ல நாலஞ்சு பர்சன்ட்தான் வித்தியாசம் வரும். தீபாவளி நகர்ந்ததால வந்த வித்தியாசம் 1.41க்கும் 2.60க்கும் உள்ள தூரம். முதல்ல பெரிய ஓட்டைய அடைக்கலாம். கடை வருஷத்துக்கு முப்பது பர்சன்ட் வளருதுன்னா உங்க ஃபார்முலா இல்லாம தொடவே கூடாது.

பண்ருட்டி எக்ஸெல் | 22-06-2026, இரவு 10.05

சரி, தீபாவளிக்கு வாரக்கணக்கு, மத்த மாசத்துக்கு என் ஃபார்முலா. இதுல நான் விட மாட்டேன்.

திருப்பாதிரிப்புலியூர் ரெடிமேட் | 23-06-2026, காலை 8.30

அப்படியே பண்ணிடறேன் அண்ணே. டிசம்பர்தான் என்ன பண்றதுன்னு புரியல. 2023ல 0.78, 2025ல 0.83, ஆனா 2024ல 0.42. அந்த வருஷம் ஃபெஞ்சல் புயல், நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரை கடந்துது, அப்புறம் சாத்தனூர் அணை தண்ணி தென்பெண்ணைல வந்து இங்க சுத்துப்பட்டு எல்லாம் வெள்ளம். மொத வாரம் யாரும் துணிக்கடைக்கு வர்ற நெலமையிலயே இல்ல. அந்த மாசத்த எடுத்துடலாமா?

முதுநகர் மீன் | 23-06-2026, மாலை 6.00

கடலூர்ல உக்காந்துக்கிட்டு புயல எடுத்துடலாமான்னா எப்படி தம்பி? 2011 டிசம்பர் 30ல தானே புயல். அப்புறம் 2015 வெள்ளம், 2020 புரெவி, 2024 ஃபெஞ்சல். இங்க டிசம்பர்னா அதான். எடுக்காதீங்க.

மஞ்சக்குப்பம் கணக்கு | 23-06-2026, இரவு 10.15

ரெண்டு பேர் சொல்றதும் நியாயம், ஆனா ரெண்டும் வேற வேற கேள்விக்கு பதில். சரக்கு எடுக்கறதுக்கு எண் வேணும்னா 0.42ஐ உள்ள விடக்கூடாது. மூணையும் சராசரி எடுத்தா 0.68 வரும், அது நல்ல டிசம்பருக்கும் பத்தாது, வெள்ள டிசம்பருக்கும் ஜாஸ்தி. மூணையும் வரிசைப்படுத்தி நடுவுல இருக்கறத எடுங்க, 0.78. ஒரு மாசம் எசகுபிசகா போயிருந்தா நடு எண் அத கண்டுக்காது.

ஆனா முதுநகர் அண்ணன் சொல்றது காசு விஷயத்துல ரொம்ப சரி. 0.78க்கும் 0.42க்கும் உள்ள வித்தியாசம் 0.36, உங்க இந்த வருஷ சராசரி 5 லட்சத்துக்கு அது 1.8 லட்ச ரூபா விற்பனை. அதுல உங்க லாபம் முப்பது பர்சன்ட்னா 54 ஆயிரம் வராம போகும், வாடகையும் சம்பளமும் நிக்காது. அந்தப் பணத்தை டிசம்பர்ல கைல வச்சிருக்கணும். எண்ணுல கலக்காம தனியா எடுத்து வைக்கணும். அதுவும் பொங்கல் சரக்கு டிசம்பர்லதான் எடுக்கணும், ஜனவரி மொத ரெண்டு வாரத்துலயே பொங்கல் வியாபாரம் முடிஞ்சிடும். தீபாவளில வந்த காசு நவம்பர்லயே பழைய கடனுக்கு மொத்தமா போயிட்டா பொங்கலுக்கு திரும்ப வட்டிக்கு வாங்கற நெலமதான்.

2020, 2021ஐ நீங்க சேக்கல, அது நல்லதுதான், லாக்டவுன் மாசங்க கெடந்தா எந்த எண்ணும் நிக்காது.

வில்லியனூர் பேக்கரி | 24-06-2026, காலை 7.00

எனக்கு ஒரு சந்தேகம். விற்பனை கணக்குதான பாக்கறீங்க, சரக்கு தீந்து போன நாள் இருந்தா? போன டிசம்பர் 31 சாயங்காலமே எங்க கடைல பிளம் கேக் காலி, அதுக்கப்புறம் வந்தவங்க எல்லாம் வெறுங்கையோட போனாங்க, அது நோட்ல எங்கயும் இல்ல.

மஞ்சக்குப்பம் கணக்கு | 24-06-2026, காலை 7.25

அக்கா, ரொம்ப முக்கியமானது. எண் சொல்றது வித்தத மட்டும்தான், கேட்டத இல்ல. சரக்கு தீந்த நாளோட எண் எப்பவும் கம்மியாவே இருக்கும், அத வச்சு அடுத்த வருஷம் எடுத்தா திரும்ப தீரும். உங்களுக்கு மணிவாரி பில் இருந்தா, தீர்றதுக்கு முன்னாடி மணிக்கு எவ்வளவு போயிட்டு இருந்துதுன்னு பாத்து மிச்ச மணிக்கு சேத்துக்கலாம், ஆனா அதுவும் உத்தேசம்தான், ராத்திரி எட்டு மணி கூட்டம் சாயங்காலம் நாலு மணி கூட்டம் மாதிரி இருக்காது. தம்பி, உங்க கடைல கடைசி வாரத்துல எந்த சைஸ் தீந்துது?

திருப்பாதிரிப்புலியூர் ரெடிமேட் | 24-06-2026, இரவு 11.10

2024ல கடைசி ரெண்டு நாள் பொம்பளப் புள்ளைங்க ஃபிராக் 24, 26, 28 சைஸ் சுத்தமா இல்ல. பெரியவங்க சட்டை 44 மட்டும் தேங்கிக் கெடந்துது. அப்போ மொத்தமா 34 பர்சன்ட்னாலும் ஃபிராக்குக்கு அதுக்கு மேல இருக்கும்னு தோணுது. ஐட்டம்வாரியா வாரப் பங்கு போட்டுப் பாத்தேன், சேலை முன்னாடியே போயிடுது, பிளவுஸ் தைக்க நாள் வேணும்ல, நாலாவது வாரத்துலயே ஏறிடுது. பசங்க டிரெஸ்தான் கடைசில.

பண்ருட்டி எக்ஸெல் | 25-06-2026, காலை 9.00

ஐட்டம்வாரியா ரொம்ப உடைக்காதீங்க, ஒரு ஐட்டத்துக்கு வாரம் பத்து பீஸ் கூட இல்லாத எடத்துல பர்சன்ட் போட்டா அது சும்மா குலுங்கும். சேலை, பெரியவங்க, பசங்கன்னு மூணு கட்டு போதும்.

மஞ்சக்குப்பம் கணக்கு | 25-06-2026, இரவு 9.45

அதே. மூணு கட்டு போதும். இப்ப காசுக்கு வருவோம், நான் இந்த இழைல முக்கியமா சொல்ல நெனைச்சதே இதான். போன வருஷம் சரக்கு எப்ப வந்துது, எத்தனை நாள் கடன், எவ்வளவு?

திருப்பாதிரிப்புலியூர் ரெடிமேட் | 25-06-2026, இரவு 11.30

செப்டம்பர் மொத வாரத்துல மொத்தமா வந்துது, 45 நாள் கடன். இந்த வருஷமும் அதே மாதிரி செப்டம்பர் 5க்கு போடலாம்னு இருந்தேன். 14.2 லட்சம் விற்பனைக்கு எழுபது பர்சன்ட் அடக்கம்னா 9.9, ஓடக்கூடிய பழைய சரக்கு ஒரு லட்சத்துக்கு கிட்ட இருக்கு, அதனால 9 லட்சத்துக்கு ஆர்டர். கைல 1.5 லட்சம் இருக்கும். மாசச் செலவு 70 ஆயிரம். போன வருஷம் கடன் கட்டறதுல ஒரு பிரச்சனையும் இல்ல, சொன்ன தேதிக்கு கட்டிட்டேன்.

மஞ்சக்குப்பம் கணக்கு | 26-06-2026, காலை 6.10

போன வருஷம் பிரச்சனை இல்லாததுக்கு காரணம் தீபாவளி அக்டோபர் 20. செப்டம்பர் 5 பில்லுக்கு 45 நாள்னா தவணை அக்டோபர் 20. அன்னிக்கு உங்க தீபாவளி வியாபாரம் மொத்தமும் முடிஞ்சு பணம் கல்லாவுல இருந்துது.

இந்த வருஷம் அதே அக்டோபர் 20ல என்ன இருக்கும்? மொத மூணு வாரம் 25 பர்சன்ட், நாலாவது வாரத்துல அக்டோபர் 18, 19, 20 மூணு நாளுக்கு ஒரு 6 பர்சன்ட். மொத்தம் 31. 14.2 லட்சத்துல 4.4 லட்சம் வந்திருக்கும். கைல இருக்கற 1.5ஐ சேத்தா 5.9. மாசச் செலவு போனா 5.2. கட்ட வேண்டியது 9. கிட்டத்தட்ட 3.8 லட்சம் துண்டு விழுது, கடை ஆளுங்க போனஸ் கேட்டா 4ஐ தாண்டும். சரக்கு ஓடாம இல்ல, நல்லாத்தான் ஓடும், பணம் மட்டும் பத்தொம்பது நாள் தள்ளி வருது. ஆர்டர் அளவு சரியா போட்டும் கடன்காரர் முன்னாடி நிக்க வைக்கறது இந்த எடம்தான்.

நெல்லிக்குப்பம் அண்ணாச்சி | 26-06-2026, காலை 11.00

அப்போ லேட்டா ஆர்டர் குடுத்தா முடிஞ்சுது. அக்டோபர்ல எடு.

சூரத் ஏஜென்ட் | 26-06-2026, மதியம் 1.30

அண்ணாச்சி, அக்டோபர்ல கேட்டா கழிச்சுப் போட்ட டிசைன்தான் கெடைக்கும், சைஸ் செட்டும் உடைஞ்சிருக்கும். நான் இருபது கடைக்கு சரக்கு எடுத்துக் குடுக்கறேன், நல்லது எல்லாம் ஆகஸ்ட்லயே புக்கிங் ஆயிடும்.

மஞ்சக்குப்பம் கணக்கு | 26-06-2026, இரவு 10.00

ஏஜென்ட் சொல்றது சரி, அதனால புக்கிங் தேதியையும் டெஸ்பாட்ச் தேதியையும் பிரிக்கணும். ஆகஸ்ட்ல டிசைன் பாத்து மொத்தமா புக் பண்ணிடுங்க, அனுப்பறத மட்டும் உடைக்க சொல்லுங்க. சேலையும் பெரியவங்களுதும் முதல் லாட், 4 லட்சம், செப்டம்பர் 20 பில். தவணை நவம்பர் 4. அன்னிக்கு எண்பது பர்சன்டுக்கு மேல வியாபாரம் முடிஞ்சிருக்கும், 11 லட்சத்துக்கு மேல வந்திருக்கும். பசங்க டிரெஸ் ரெண்டாவது லாட், 3.5 லட்சம், அக்டோபர் 8 பில், தவணை நவம்பர் 22. மிச்ச 1.5 லட்சத்தை யாருக்கும் வாக்கு குடுக்காதீங்க. அக்டோபர் 25க்கு மேல எந்த சைஸ் ஓடுதோ அத மட்டும் ரொக்கத்துக்கு எடுங்க.

பில் தேதிய நல்லா பாத்துக்கோங்க. கடன் நாள் பில் தேதியிலருந்து ஓடும், லாரி வந்து எறங்கின தேதியிலருந்து இல்ல. சூரத் சரக்கு வழில ஒரு வாரம் கெடந்தா அந்த ஒரு வாரமும் உங்க கணக்குலதான்.

திருப்பாதிரிப்புலியூர் ரெடிமேட் | 27-06-2026, காலை 8.00

இத பாத்ததும் வயித்துல புளி கரைச்சுது அக்கா, செப்டம்பர் 5க்கு சொல்லி வச்சிருந்தேன், இன்னைக்கே போன் போடறேன்.

ஒரு கேள்வி. போன வருஷ எண் 2.70, மத்த ரெண்டும் 2.90 கிட்ட. செப்டம்பர் 22ல ஜிஎஸ்டி மாறுச்சு, ஆயிரத்துக்கு மேல 2500 வரைக்கும் துணிக்கு 12 பர்சன்ட் இருந்தது 5 ஆச்சு. அதனாலயா?

பண்ருட்டி எக்ஸெல் | 27-06-2026, காலை 9.20

அது விற்பனைய ஏத்தியிருக்கணுமே, எப்படி குறைக்கும். எனக்கென்னவோ தீபாவளி அக்டோபர் 20ல வந்ததால சம்பளம் கைக்கு வராம போச்சுன்னு தோணுது. மாச நடுவுல தீபாவளி, போனஸ் மட்டும்தான். 2024ல 31ஆந்தேதி, 2023ல 12ஆந்தேதி, ரெண்டுலயும் சம்பளம் வந்த பிறகுதான் கடைசிக் கூட்டம்.

மஞ்சக்குப்பம் கணக்கு | 27-06-2026, இரவு 9.30

2024ல 31ஆந்தேதி தீபாவளிக்கு தனியார்ல பாதிப் பேருக்கு சம்பளம் வந்திருக்காது, அதனால அது முழுசா நிக்கல. வெல குறைஞ்சப்புறம் அதே சட்டை கம்மி தொகைக்கு போயிருக்கும், ஆனா இவர் வரி போக உள்ள தொகைய வச்சுதான் போட்டிருக்காரு, அதனால அது இதுல வரக்கூடாது. மூணே மூணு தீபாவளிய வச்சு 2.70க்கும் 2.93க்கும் காரணம் கண்டுபிடிக்க முடியாது, நான் முயற்சி பண்ண மாட்டேன். ஆனா நவம்பர் 8 தீபாவளிக்கு சம்பளம் மொத வாரத்துல வருது, அதனால கடைசி வாரம் 34ஐ தாண்டலாங்கறத ஒத்துக்கறேன்.

முதுநகர் மீன் | 27-06-2026, இரவு 10.10

நவம்பர் மொத வாரம் மழை. வடகிழக்கு பருவமழை அக்டோபர் மூணாவது வாரத்துலயே பிடிச்சிடும். 34 பர்சன்ட ஒரே வாரத்துல வச்சிருக்கீங்க, அதுல ரெண்டு நாள் ரெட் அலர்ட்னா?

மஞ்சக்குப்பம் கணக்கு | 28-06-2026, காலை 6.40

அதுக்கு என்கிட்ட எண் இல்ல அண்ணே. 2023ல மட்டும்தான் நவம்பர் தீபாவளி, ஒரே ஒரு வருஷம். தம்பி, ரெண்டு திட்டமா போட்டு வைங்க: கடைசி வாரம் 34ன்னு ஒண்ணு, 24ன்னு ஒண்ணு. 24ஆனா 1.4 லட்சம் விற்பனை போச்சு, அடக்கத்துல ஒரு லட்சத்துக்கு சரக்கு மாட்டிக்கும். அந்த 1.5 லட்ச மூணாவது லாட்ட கடைசி வரைக்கும் வாக்கு குடுக்காம வைக்க சொன்னது அதுக்குத்தான். மாட்டறது பசங்க டிரெஸ்னா பொங்கலுக்கு ஓடிடும், தீபாவளிக்குன்னே வந்த டிசைன்னா ஓடாது, ரெண்டாவது லாட்ல அத கம்மியா வைங்க.

திருப்பாதிரிப்புலியூர் ரெடிமேட் | 02-07-2026, இரவு 10.50

திருப்பூர்க்காரர் ஒத்துக்கிட்டாரு, ரெண்டு டெஸ்பாட்ச், ரெண்டாவது அக்டோபர் 8. சூரத்துல ஒருத்தர் மொத்தமா எடுத்தாதான் இந்த ரேட்டுங்கறாரு, உடைச்சா பீஸுக்கு எட்டு ரூபா கூட. அவர்கிட்ட 2.2 லட்சத்துக்கு எடுக்கறேன். எட்டு ரூபா குடுக்கறதா, இல்ல மொத்தமா எடுத்துட்டு பேங்க்ல ஓவர்டிராஃப்ட், அதான் ஓடி, போடறதா?

மஞ்சக்குப்பம் கணக்கு | 02-07-2026, இரவு 11.15

பீஸ் சராசரி விலை என்ன? ஓடி வட்டி வருஷத்துக்கு 12னு வச்சா 2.2 லட்சத்துக்கு மூணு வாரத்துக்கு ஆயிரத்து ஐநூறு சொச்சம்தான் வரும். பீஸ் 400 ரூபான்னா 550 பீஸ், எட்டு ரூபா வச்சா 4400. ஓடி லிமிட் ஏற்கெனவே இருந்தா மொத்தமாவே எடுங்க, ஆனா அவர் பில்ல செப்டம்பர் 20க்கு முன்னாடி போட விடாதீங்க.

திருப்பாதிரிப்புலியூர் ரெடிமேட் | 03-07-2026, காலை 8.20

420 ரூபா அக்கா. ஓடி லிமிட் 2 லட்சம் இருக்கு, இதுவரைக்கும் தொட்டதில்ல. பில் தேதிய கேட்டுட்டு சொல்றேன்.